ஏழு நாளில் டிஸ்பாட்ச்

நான் எழுதியதில் அதிகம் பேர் படித்தது எட்டு வரிகள்தான். அது கவிதை இல்லை, கதையும் இல்லை. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, தாராபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் திருப்பூர் வந்து, ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்த எனக்கு முதலாளி கொடுத்த இரண்டாவது வேலை அது. "தம்பி, நீங்க தமிழ் படிச்சவருதானுங்களே, அந்த வாட்ஸ்அப்புல போடற விளம்பரத்தைக் கொஞ்சம் எழுதிப் போடுங்க. கடைக்காரங்க பாத்தா உடனே போன் பண்ணோணும்."

நான் எழுதியது இதுதான்:

திருப்பூர் உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக!
ஆண்கள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட், அரைக்கை
100% காட்டன், 180 ஜி.எஸ்.எம்., பயோ வாஷ்
நிறங்கள்: கறுப்பு, நேவி, மெரூன், பாட்டில் கிரீன்
சைஸ்: எம், எல், எக்ஸெல், டபுள் எக்ஸெல்
குறைந்தபட்ச ஆர்டர்: 24 பீஸ்
விலை: 145 ரூபாய், ஜிஎஸ்டி தனி
ஏழு நாளில் டிஸ்பாட்ச்

ஒரு சாயங்காலத்தில் பதினான்கு பேர் கூப்பிட்டார்கள். முதலாளி ஆபீஸ் பையனை விட்டு எனக்குத் தனியாக ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். எழுத்துக்கு எனக்குக் கிடைத்த முதல் சன்மானம் என்று அதை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இந்த எட்டு வரிகளில் மூன்று வரிகளை நான் தெரியாமல் எழுதினேன். துணி பற்றிய வரி, குறைந்த அளவு பற்றிய வரி, அனுப்பும் நாள் பற்றிய வரி. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் போட்டிருந்ததைப் பார்த்து, அதே அச்சில் வார்த்தேன். அந்த மூன்றுக்கும் என்ன பொருள் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் விருதுநகர் பக்கம் ஒரு சிற்றூரில் எட்டுக்குப் பத்து அடிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. அவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

*

அந்தப் பதினான்கு பேரில் அவரும் ஒருவர். முதலில் 24 பீஸ் மட்டும் வாங்கினார், சாம்பிள் மாதிரி. சரக்கு போய்ச் சேர்ந்த மறுநாள் கூப்பிட்டார்.

"தம்பி, 180 ஜி.எஸ்.எம்.னு போட்டிருந்தீங்கள்ல? அப்படின்னா ஒரு எல் சைஸ் பனியன் எவ்வளவு கிராம் இருக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. "ஏங்க்கா?" என்றேன்.

"பக்கத்து மளிகைக் கடைத் தராசுல அஞ்சு எல் சைஸ் வச்சுப் பார்த்தேன். எல்லாம் சேர்ந்து 790 கிராம் வருது. அதான் கேக்கேன்."

லைனில் இருக்கச் சொல்லாமல், விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டுக் கட்டிங் டேபிளுக்குப் போனேன். எங்கள் மாஸ்டர் முப்பது வருடமாகக் கத்தரி பிடித்தவர். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார். "யாருப்பா அது, தராசு வச்சுப் பாத்தது? வெவரமான ஆளு."

ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. அதைப் பார்க்க வட்டமான ஒரு கட்டர் இருக்கிறது. துணியின் மேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வெட்டுப்பட்டு வரும். அதைச் சின்னத் தராசில் வைத்து 1.8 கிராம் காட்டினால், நூறால் பெருக்கி 180 என்று சொல்வார்கள். மாஸ்டர் மேஜைமேல் கிடந்த கறுப்பு ரோலில் ஒன்று வெட்டி வைத்தார். 1.66 காட்டியது.

"ஒரு எல் சைஸுக்கு முன்னாடி, பின்னாடி, ரெண்டு கை எல்லாம் சேத்தா சுமாரா முக்காலே மூணுவீசத்துக்குக் கொஞ்சம் மேல, ஒரு மீட்டருக்குள்ள. 0.95 சதுர மீட்டர்னு வச்சுக்க. 180ன்னா 171 கிராம் வரோணும். அந்தம்மா கணக்குல 158 வருது. அப்ப 166. மிஷின் சொல்றதும் அதுதான், தராசு சொல்றதும் அதுதான்."

ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருப்பது தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொள்வது. அப்படிப் பார்த்தாலும் 171க்குக் கீழே போகக் கூடாது. இது ஏன் 166 ஆனது? நிட்டிங்கில் நூலை மாற்றினார்களா என்று கேட்டேன். அதுவும் நடக்கும், ஆனால் இங்கே நடந்தது வேறு என்றார் மாஸ்டர். பின்னல் துணி ரப்பர் மாதிரி. சாயப்பட்டறையிலிருந்து வந்த பிறகு காம்பாக்டிங் மிஷினில் அதை அகலத்துக்குக் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தால் அதே கிலோவில் பரப்பு கூடும். பரப்பு கூடினால் கூடுதல் பீஸ் கிடைக்கும். நூறு கிலோவுக்கு முப்பது பீஸ் கூடக் கிடைத்தால் முதலாளிக்கு அது சும்மா வந்த காசு. ஆனால் இழுத்த துணி முதல் துவையலில் பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும். அகலம் சுருங்கும், சில சமயம் பக்கத்துத் தையல் முன்னால் திரும்பி வந்து நிற்கும். வாங்கியவன் கடைக்காரரைத்தான் திட்டுவான், திருப்பூரை இல்லை.

நான் முதலாளியிடம் போனேன். "வரியை மாத்தி 165னு போட்டுரலாமுங்களா?"

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகவே சொன்னார். "தம்பி, காதர்பேட்டைல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. எல்லாரும் 180னுதான் போடறாங்க. அவங்க துணியும் இதேதான். நீங்க மட்டும் 165னு போட்டா, நம்மளது மட்டும்தான் மெல்லிசுன்னு நெனைப்பாங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. எல்லோரும் ஒரே அளவு பொய் சொன்னால் அதற்கு விலை இல்லாமல் போகிறது, உண்மை சொல்பவனுக்குத்தான் நஷ்டம். நான் அக்காவைக் கூப்பிட்டு, "துவைச்சுப் பாருங்கக்கா, நல்லாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "துவைச்சுப் பார்த்துட்டேன் தம்பி. அரை இஞ்சு அகலம் சுருங்குது. பரவாயில்ல, அந்த விலைக்குச் சரிதான். நான் விக்கும்போது ஒரு சைஸ் பெருசா எடுக்கச் சொல்லிக்கிறேன்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பின்னால் வெட்கப்பட்டேன்.

*

அடுத்த வரி, 24 பீஸ்.

கடைக்காரர்களிடமிருந்து வரும் அழைப்புகளில் பாதி இந்த வரியைப் பற்றித்தான். "டபுள் எக்ஸெல் எங்க ஊர்ல போகாதுங்க, எல் மட்டும் 24 குடுங்க." "மெரூன் வேண்டாம், கறுப்பே 24 போடுங்க." முதலாளி முடியாது என்பார். நான் முதலில் இதை வியாபாரப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். மாஸ்டர் லே போடும்போது பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் புரிந்தது.

துணியை மேஜை நீளத்துக்கு அடுக்கடுக்காக விரிப்பார்கள். மேல் அடுக்கில் மார்க்கர் காகிதம். அந்தக் காகிதத்தில் ஆறு பனியன்களின் பாகங்கள் ஒன்றோடொன்று இடுக்கில் பொருந்துகிற மாதிரி வரையப்பட்டிருக்கும்: எம் ஒன்று, எல் இரண்டு, எக்ஸெல் இரண்டு, டபுள் எக்ஸெல் ஒன்று. ஆக, ஓர் அடுக்கை வெட்டினால் ஆறு பீஸ். எழுபத்தைந்து அடுக்கு வெட்டினால் நானூற்று ஐம்பது. எப்படி வெட்டினாலும் 1:2:2:1 என்ற விகிதத்தில்தான் பீஸ் பிறக்கும். ஒருவருக்கு எல் மட்டும் எடுத்துக் கொடுத்தால் அந்த அடுக்கின் எம்மும் டபுள் எக்ஸெல்லும் அநாதையாக ரேக்கில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஆறு பீஸ் ஒரு செட். நான்கு நிறத்திலும் ஒவ்வொரு செட் எடுத்தால் 24. அந்த வரி மார்க்கர் காகிதத்திலிருந்து வந்தது.

ஆனால் இது ஓர் அளவுதான். இதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இன்னோர் அளவு இருக்கிறது. அது சாயப்பட்டறையின் அளவு.

அறுபது பீஸுக்கு வேண்டிய பன்னிரண்டு, பதிமூன்று கிலோ துணியைத் தூக்கிக்கொண்டு போய் மெரூன் போட்டுக் கொடுங்கள் என்றால் சாயப்பட்டறையில் சிரிப்பார்கள். மிஷினுக்குக் கொள்ளளவு உண்டு. எங்களுக்கு வேலை செய்து கொடுத்தவரிடம் ஒரு நிறத்துக்கு நூறு கிலோ. அதற்குக் குறைந்தால் தண்ணீர், நீராவி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாச் செலவும் அதே அளவு, கிலோ மட்டும் குறைவு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை மாஸ்டர் அடிக்கடி சொல்வார். நொய்யல் நாறிப்போனதற்கு அது வேண்டியதுதான் என்றும் சொல்வார், வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்ததையும் சொல்வார். அதற்குப் பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை நடத்த முடியும், அந்தச் செலவு ஒவ்வொரு கிலோவிலும் உட்கார்ந்திருக்கிறது.

நூறு கிலோ கோரா துணி சாயம் போட்டு வந்தால் ஏறக்குறைய 95 கிலோ நிற்கும். வெட்டுக்கழிவு சேர்த்து ஒரு பனியனுக்கு 210 கிராம் என்று வைத்தால் 450 பீஸ். ஆக, என் வரியில் 24 என்று இருந்தாலும், ஒரு நிறம் கையிருப்பில் தீர்ந்துபோயிருந்தால் உண்மையான குறைந்தபட்ச அளவு 450. அந்த 450 சேரும்வரை யாரோ ஒருவர் காத்திருக்க வேண்டும். பணம் கட்டிய கடைக்காரர்தான் காத்திருப்பார்.

இது புரிந்திருந்தால் கடைசி வரியை நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன். அந்த 'ஏழு' எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். முதலாளி போனில் இருந்தார். எத்தனை நாள் போடட்டுமுங்க என்று சைகையில் கேட்டேன். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "அந்த மங்கலம் ரோட்டுக்காரன் எத்தனை போட்டிருக்கான்?" என்றார். பத்து என்றேன். "அப்ப ஏழு போடு."

*

2023 அக்டோபர் 16, திங்கட்கிழமை. அக்கா கூப்பிட்டார். தீபாவளி நவம்பர் 12. நான்கு நிறத்திலும் அறுபது அறுபதாக 240 பீஸ் வேண்டும். 34,800 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பாதி முன்பணம் அன்றைக்கே போட்டுவிட்டார். மகளிர் குழுவில் கடன் எடுத்த பணம் என்று பின்னால்தான் சொன்னார்.

"தம்பி, ஏழு நாள்ல அனுப்பிருவீங்கள்ல? இருபத்தஞ்சாம் தேதி வாக்குல கடைக்கு வந்துட்டா எனக்கு ரெண்டரை வாரம் கெடைக்கும். கடைசி வாரம் எல்லாரும் டவுனுக்குப் போயிருவாங்க. அதுக்கு முன்னாடி வித்தாத்தான் எனக்கு."

"கண்டிப்பாங்க்கா" என்றேன். ஏழாம் நாள் 23ஆம் தேதி. நான் காலண்டரைப் பார்க்கவில்லை. 23 ஆயுத பூஜை. மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து அனுப்பும் நாள். 24 விஜயதசமி. திருப்பூரில் அந்த இரண்டு நாளும் ஊசி நகராது. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்க்காதவன் எழுதிய வரியை நம்பி விருதுநகரில் ஒருவர் கடன் எடுத்திருந்தார்.

நடந்ததைத் தேதிப்படி சொல்கிறேன், ஏனென்றால் தாமதம் என்பது ஒரே இடத்தில் நடப்பதில்லை. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நாள்தான். கேட்டால் எல்லோரிடமும் நியாயமான காரணம் இருக்கும்.

கறுப்பும் நேவியும் தைத்துப் பேக் செய்து ரேக்கிலேயே இருந்தன. மெரூனும் பாட்டில் கிரீனும் இல்லை. மற்ற ஆர்டர்களோடு சேர்த்து நிறத்துக்கு நூறு கிலோ தேற்ற இரண்டு நாள். 18ஆம் தேதி கோரா ரோல்கள் பட்டறைக்குப் போயின. 21 சனிக்கிழமை திரும்பி வந்தன. மாஸ்டர் மெரூன் ரோலை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்து, கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியை அதன்மேல் போட்டார். உடம்பு ஒரு மெரூன், கழுத்து இன்னொரு மெரூன். பின்னல் வேறு என்பதால் ஒரே தொட்டியில் முங்கினாலும் ரிப் சாயத்தை வேறு மாதிரி வாங்கும், அதைக் கணக்குப் பார்த்துப் போடுவதுதான் சாயக்காரர் கைவேலை. தீபாவளி நெருக்கத்தில் அவருக்கும் கண் அசந்திருக்கிறது. ரிப்பைத் திருப்பி அனுப்பினோம். 22 ஞாயிறு. 23, 24 பூஜை. மறுசாயம் போட்டு 28ஆம் தேதி வந்தது. காம்பாக்டிங்கில் வரிசை, திங்கட்கிழமை 30தான் கிடைத்தது. 31 கட்டிங்.

தையல் எங்கள் கம்பெனிக்குள் இல்லை, பவர் டேபிள் காண்ட்ராக்டரிடம். அவர் கையில் ஏற்கெனவே இரண்டு ஆர்டர். அவருடைய டெய்லர்களில் பாதிப் பேர் பீகார்க்காரர்கள், தீபாவளியோடு சட் பூஜையும் சேர்த்து ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்து, பத்துப் பதினைந்து நாள் முன்பே கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். நவம்பர் 4 சனிக்கிழமை சம்பளத்தன்று தைத்த மூட்டைகள் வந்தன. செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிய 6. மறுநாள் 7ஆம் தேதி லாரி ஆபீஸில் புக் ஆனது. சாதாரண நாளில் மறுநாளோ அதற்கு மறுநாளோ போய்ச் சேர வேண்டியது, தீபாவளிப் பார்சல் மலையில் மாட்டி, நவம்பர் 11 சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஊர்க் குடோனில் இறங்கியது.

மறுநாள் தீபாவளி.

இடையில் அவர் எத்தனை முறை கூப்பிட்டார் என்று எனக்குக் கணக்கு இல்லை. முதலில் தினமும் ஒரு தடவை. பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை. நான் "நாளைக்குங்க்கா" என்பேன். ஒரு கட்டத்தில் அவர் எண்ணைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒருநாள் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, நீங்கதான எழுதுனீங்க, ஏழு நாள்ல டிஸ்பாட்ச்னு? மொதலாளிய கேக்கல. உங்களத்தான் கேக்கேன்."

அந்தக் கேள்வியைவிட எனக்கு வலித்த விஷயம் ஒன்று உண்டு. கறுப்பும் நேவியும் சேர்த்து 120 பீஸ் அக்டோபர் 16ஆம் தேதியிலிருந்து எங்கள் ரேக்கில் இருந்தன. அதை அன்றைக்கே அனுப்பியிருந்தால் அவருக்குப் பாதித் தீபாவளியாவது கிடைத்திருக்கும். நான் 21ஆம் தேதி முதலாளியிடம் ஒரு தடவை கேட்டேன். "எதுக்குத் தம்பி ரெண்டு பில்லு, ரெண்டு லாரி வாடகை? மொத்தமா அனுப்பிக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். வாடகை கூடுதலாக இருநூறு, முந்நூறு ரூபாய் வந்திருக்கும். அதை நீங்கள் தருகிறீர்களா என்று அக்காவிடம் கேட்டிருந்தால் தந்திருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டால் மற்ற இரண்டு நிறமும் தயாராக இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "நாளைக்கு" என்று சொல்வது அதைவிட எளிதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை இரவு பன்னிரண்டு மணிவரை கடையைத் திறந்துவைத்து 26 பீஸ் விற்றார். மீதி 214. 230 ரூபாய்க்கு விற்க நினைத்ததைப் பொங்கலுக்கு 180க்குத் தள்ளினார். வரியும் வாடகையும் சேர்த்து அவருக்கு அடக்கம் 155க்குப் பக்கம். குழுக் கடன் தவணை மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டதற்கு முதலாளி, "சரக்கு வெளிய போனா போனதுதானுங்க" என்றார். எல்லாப் பில்லின் அடியிலும் அச்சடித்திருக்கும் வாசகம்தான்.

*

ஜனவரியில் நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அந்த எட்டு வரிகளைத் திருத்தினேன். எம்.ஏ. ஆய்வேட்டை அவ்வளவு கவனமாகத் திருத்தியதில்லை. மூன்று வரிகளும் தனித்தனி இல்லை, ஒன்று மற்றொன்றின் கழுத்தைப் பிடித்திருக்கிறது என்பதுதான் நான் கண்டுபிடித்தது. சரக்கு ரேக்கில் இருந்தால் அளவு செட், நாள் இரண்டு. துணி ரோலாக இருந்தால் அளவு ஒரு லே. நாள் பத்து, பன்னிரண்டு. துணி இன்னும் கோராவாக இருந்தால் அளவு ஒரு சாயத் தொட்டி. நாள் இருபத்தைந்துக்கு மேல். குறைந்த அளவையும் விரும்பிய நிறத்தையும் குறைந்த நாளையும் ஒரே விளம்பரத்தில் ஒருவர் வாக்களித்தால், ஒன்று அவரிடம் பெரிய கையிருப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் உற்பத்தியாளரே இல்லை, காதர்பேட்டையில் நாலு கடையில் பொறுக்கி மூட்டை கட்டுபவர். அதுவும் இல்லையென்றால் என்னைப் போல யாரோ ஒருவர் காலண்டரைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்.

திருத்திய வரிகள் இப்படி இருந்தன:

துணி: 100% காட்டன், 165–170 ஜி.எஸ்.எம். (தராசில் எல் சைஸ் சுமார் 160 கிராம்)
கறுப்பு, நேவி: கையிருப்பு. குறைந்தது 12 பீஸ். 2 வேலைநாளில் டிஸ்பாட்ச்
மெரூன், பாட்டில் கிரீன்: சாயத்துக்குப் போய் வர வேண்டும். 25 வேலைநாள்
தயாரானதை முதலில் அனுப்புவோம். லாரி வாடகை உங்களுடையது
தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் ஆகஸ்ட் கடைசிவரை மட்டும்

முதலாளி படித்தார். மறுபடியும் படித்தார். "விளம்பரமாட்டமே இல்லீங்களே தம்பி. மிரட்டற மாதிரி இருக்குது" என்றார். ஆனால் ஒரு மாதம் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார். தீபாவளிச் சச்சரவில் அவருக்கும் இரண்டு வாடிக்கை போயிருந்தது. வந்த அழைப்புகள் பாதிக்கும் கீழே குறைந்தன. அதில் ஆர்டர் ஆனவை முன்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சண்டை போட வந்த அழைப்புகள் நின்றுவிட்டன என்று சொன்னால் பொய், குறைந்தன. 165 என்ற வரியை மட்டும் இரண்டே வாரத்தில் முதலாளி 180 ஆக்கிவிட்டார். அந்த ஒன்றில் நான் தோற்றேன். கிராம் கணக்கை மட்டும் அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்தார், கடைக்காரர்கள் யாரும் அதைப் பெருக்கிப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

ஜூலையில் விருதுநகர் அக்கா கூப்பிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. எடுத்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. குழுக் கடன் முடிந்ததா என்று கேட்டதற்கும், "அது கெடக்கு" என்று மட்டும் சொன்னார்.

"தம்பி, இந்தத் தடவை 180 எடுக்கேன். பழைய கணக்கெல்லாம் வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மெரூன் துணி இப்ப எங்க இருக்கு?"

"எங்க இருக்குன்னா?"

"ரேக்குல இருக்கா, ரோலா இருக்கா, சாயத்துக்கே போகலையா? அதச் சொல்லுங்க. நாள நான் கணக்குப் போட்டுக்கிடுதேன்."

ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். முதல் தடவையாக, சொல்வதற்கு முன்னால் பார்த்தேன். கோரா ரோல்கள் சுவரோரம் சாய்ந்து நின்றன. நான் திரும்பி வந்து, "சாயத்துக்குப் போகலைங்க்கா" என்றேன்.

"அப்ப மெரூன் வேண்டாம்" என்றார். "கறுப்பும் நேவியும் போடுங்க. நாளைக்கே அனுப்பணும்."

மறுநாள் மூட்டையை லாரி ஆபீஸுக்கு நானே வண்டியில் வைத்துக் கொண்டுபோனேன். புக்கிங் ரசீதைப் படம் எடுத்து அனுப்பியபோது அவரிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்தது.

'எடை போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்.'